ஸ்கோப் போட்டதும் குறி தாண்டிப் போகிறதா? கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஜூம் விகிதத்தைச் சரிசெய்வது

அத்தை மகன் ஒருவன் போன மாதம் புதிதாக ஆவ்ப் துப்பாக்கி பிடிக்க ஆரம்பித்தான். ரைஃபிளில் நன்றாகவே சுடுகிற பையன். "அண்ணா, ஸ்கோப் இல்லாதப்ப கை சொன்னபடி கேக்குது. ஸ்கோப் போட்டா ஆளைத் தாண்டிப் போயிடுது, திரும்ப இழுத்துட்டு வர்றதுக்குள்ள செத்துடுறேன்" என்றான். அவனுடைய அமைப்பு மிகச் சாதாரணமானது: 24 அங்குலத் திரை, மவுஸ் 800 டிபிஐ, விளையாட்டில் சென்சிட்டிவிட்டி 1.0. ஜூம் விகிதத்தை அவன் தொட்டதே இல்லை, அது வந்தபடியே 1.0-இல் இருந்தது. கீழே வரும் எண்கள் எல்லாம் அவனுடைய அமைப்பில் கணக்கிட்டவை. உங்கள் டிபிஐ வேறாக இருந்தால் சென்டிமீட்டர்கள் மாறும், விகிதங்கள் மாறாது.

உங்களுக்கு எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன.

## "ஸ்கோப்பில் சின்ன திருத்தம் செய்தால்கூட குறி தாண்டிவிடுகிறது"

எதிரி க்ராஸ்ஹேருக்குப் பக்கத்திலேயே, ஒரு விரல் அகலத்தில் நிற்கிறான். மவுஸை மெல்ல நகர்த்துகிறீர்கள். ஸ்கோப் இல்லாமல் அதே விரல் அகலத்துக்கு எவ்வளவு நகர்த்துவீர்களோ அவ்வளவுதான் நகர்த்தினீர்கள். ஆனால் குறி மறுபக்கம் போய்விட்டது. இதுதான் அறிகுறி என்றால் காரணம் உங்கள் கை இல்லை.

ஸ்கோப் போடும்போது விளையாட்டு இரண்டு வேலைகள் செய்கிறது: படத்தைப் பெரிதாக்குகிறது, மவுஸை மெதுவாக்குகிறது. இரண்டும் ஒரே அளவில் நடந்தால் கைக்கு வித்தியாசமே தெரியாது. சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே அளவில் நடப்பதில்லை.

கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் சாதாரணப் பார்வைக்கோணம் 90 பாகை, ஆவ்ப்பின் முதல் ஜூமில் அது 40 பாகை. (இந்த இரண்டும் 4:3 திரையின் அகலத்துக்குச் சொல்லப்படும் அளவுகள். அகலத் திரையில் பக்கவாட்டில் கூடுதலாகத் தெரியும், உயரவாட்டில் மாற்றம் இல்லை.) மவுஸை மெதுவாக்குவதற்கு விளையாட்டு இந்தக் கோணங்களை நேரடியாக வகுத்துக்கொள்கிறது: 90-ஐ 40-ஆல் வகுத்தால் 2.25. ஆக மவுஸ் 2.25 மடங்கு மெதுவாகிறது.

படம் எத்தனை மடங்கு பெரிதாகிறது? திரை தட்டையானது. நடுவிலிருந்து ஒரு கோணத்தில் இருக்கும் பொருள், திரையில் அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் அளவுக்குத் தள்ளி விழும். அதனால் பெரிதாவதைப் பாதிக்கோணங்களின் டேன்ஜென்ட்டை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 45 பாகையின் டேன்ஜென்ட் 1. 20 பாகையினுடையது 0.364. வகுத்தால் 2.75 மடங்கு.

படம் 2.75 மடங்கு பெரிதாகிறது, மவுஸோ 2.25 மடங்குதான் மெதுவாகிறது. மிச்சம் இருக்கிற 22 சதவீத வேகம்தான் உங்கள் குறியைத் தாண்டவைக்கிறது. அதை ஈடுகட்டவே ஜூம் விகிதம் என்கிற அமைப்பு இருக்கிறது:

```
(90/40) * (tan 20° / tan 45°) = 0.8189
```

கன்சோலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
zoom_sensitivity_ratio 0.8189
```

கன்சோல் திறக்கவில்லை என்றால் விளையாட்டின் அமைப்புகளில் `Enable Developer Console` என்பதை முதலில் இயக்க வேண்டும்.

இந்த எண்ணைப் பதினைந்து தசம இடங்களோடு பகிர்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 0.8189-க்கும் 0.82-க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. எந்த மனிதக் கைக்கும் அது தெரியாது, 0.82 என்று போட்டுவிட்டு நிம்மதியாக ஆடலாம். டிபிஐயை மாற்றினாலும் சென்சிட்டிவிட்டியை மாற்றினாலும் இந்த விகிதத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டியதில்லை. கணக்கில் அவை எங்கேயும் வரவில்லை, பாருங்கள்.

## "எண்ணைப் போட்டேன், ஒன்றும் மாறின மாதிரி இல்லை"

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: எண் உள்ளேயே போகவில்லை, அல்லது போயும் உங்களுக்குத் தெரியவில்லை.

முதலாவதை ஒரு நொடியில் பார்த்துவிடலாம். கன்சோலில் `zoom_sensitivity_ratio` என்று எண் இல்லாமல் தட்டினால் இப்போதைய மதிப்பைக் காட்டும். அங்கே 1 என்று வந்தால் உங்கள் பழைய கோப்பைப் பாருங்கள். முந்தைய பதிப்பான குளோபல் அஃபென்சிவில் இந்தக் கட்டளையின் பெயர் `zoom_sensitivity_ratio_mouse`. பல வருடம் பாதுகாத்து வைத்திருந்த `autoexec.cfg` கோப்பை அப்படியே புதிய விளையாட்டுக்கு எடுத்து வந்தவர்களுக்கு அந்த வரி பயன்படாது. கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு, கோப்பு `game\csgo\cfg` அடைவுக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்கு அளந்துதான் பார்க்க வேண்டும். "தோணுது" என்பதை நம்பி ஜூம் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்கள் கடைசியில் 0.9-க்கும் 1.1-க்கும் நடுவில் வாரக்கணக்கில் அலைவார்கள். நானும் அலைந்திருக்கிறேன். ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஆட்கள் இல்லாத பயிற்சி மேப் ஒன்றை உங்கள் கணினியிலேயே திறந்து, கன்சோலில் இந்த இரண்டு வரிகளைக் கொடுங்கள்:

```
sv_cheats 1
bind p getpos
```

இனி `p` விசையை அழுத்தினால் நீங்கள் நிற்கும் இடமும் பார்க்கும் திசையும் கன்சோலில் பதியும். அந்த வரியில் `setang` என்ற சொல்லுக்குப் பிறகு வரும் இரண்டாவது எண்தான் பக்கவாட்டுத் திசை. ஸ்கேலை மவுஸ்பேடில் ஒட்டிவையுங்கள். மவுஸின் ஒரு ஓரத்தை ஸ்கேலின் ஒரு கோட்டில் வைத்து `p` அழுத்தி, சரியாக 20 செமீ நகர்த்தி மறுபடி `p` அழுத்துங்கள். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் நீங்கள் திரும்பிய கோணம். (இந்த எண் 180-ஐத் தாண்டினால் −180-க்குக் குதித்துவிடும். அப்படி நடந்தால் 360-ஐக் கூட்டியோ கழித்தோ சரிசெய்துகொள்ளுங்கள்.)

அத்தை மகனின் அமைப்பில் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 52 செமீ மவுஸ் நகர்வு வேண்டும். ஆகவே ஸ்கோப் இல்லாமல் 20 செமீக்குக் கிட்டத்தட்ட 139 பாகை திரும்ப வேண்டும். ஆவ்ப் முதல் ஜூமில், விகிதம் 1.0 என்றால் 62 பாகை, 0.8189 என்றால் 50 பாகை. இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் ஸ்கேல் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் எது உள்ளே இருக்கிறது என்று குழம்பாது.

உங்கள் எண்கள் இவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் பதற வேண்டாம். 800 என்று எழுதியிருக்கும் மவுஸ் உண்மையில் சில சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஸ்கோப் போட்டு அளந்ததை, போடாமல் அளந்ததால் வகுங்கள். மவுஸின் பிழை இரண்டிலும் இருப்பதால் வகுத்தலில் போய்விடும். விடை 0.36-க்குப் பக்கத்தில் வந்தால் விகிதம் 0.8189 வேலை செய்கிறது. 0.44 வந்தால் இன்னும் 1.0-இல்தான் இருக்கிறீர்கள்.

ஒரே 20 செமீயை வேகமாக இழுக்கும்போது ஒரு கோணமும் மெதுவாக இழுக்கும்போது இன்னொரு கோணமும் வருகிறது என்றால் மட்டும் நிறுத்துங்கள். அப்போது மவுஸ் மென்பொருளில் எங்கோ முடுக்கம் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதை அணைக்காமல் எந்த விகிதம் போட்டும் பயனில்லை.

## "கிட்டத்தில் அருமை, ஆனால் ஸ்கோப்பின் ஓரத்தில் நிற்பவனிடம் குறி போய்ச் சேரவில்லை"

0.8189 போட்டு இரண்டு நாள் ஆனதும் வரும் புகார் இது. அத்தை மகனும் சரியாக இரண்டாவது நாள் இதைத்தான் சொன்னான். இது கோளாறு இல்லை, கணக்கின் எல்லை. புரிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் இந்த விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

மவுஸ் கோணத்தில் பேசுகிறது: இவ்வளவு நகர்த்தினால் இத்தனை பாகை. உங்கள் கண் திரைத் தூரத்தில் பேசுகிறது: இத்தனை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறான். திரையின் நடுவில் இரண்டும் ஒத்துப்போகும். ஓரத்துக்குப் போகப் போகப் படம் இழுபடும், அதே ஒரு பாகை கூடுதல் சென்டிமீட்டரை அடைத்துக்கொள்ளும். பார்வைக்கோணம் அகலமாக இருந்தால் இந்த இழுப்பும் அதிகம். அதனால் ஸ்கோப் இல்லாத காட்சியில் ஓரங்கள் நன்றாக இழுபட்டிருக்கும், ஸ்கோப்புக்குள் கிட்டத்தட்ட இழுபடவே இருக்காது. இப்படி வெவ்வேறு மாதிரி இழுபட்ட இரண்டு படங்களை ஒரே ஒரு எண்ணைப் போட்டு எல்லா இடத்திலும் பொருத்த முடியாது. நடுவிலிருந்து ஏதாவது ஒரு தூரத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே பொருத்தலாம், அவ்வளவுதான். "ஸ்கோப்பும் வெறுங்கண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, "திரையில் எந்த இடத்தில்?" என்பதுதான்.

அந்த 24 அங்குலத் திரையில் பார்ப்போம். எதிரி க்ராஸ்ஹேரிலிருந்து 4 செமீ தள்ளி இருக்கிறான் என்றால் ஸ்கோப் இல்லாமல் மவுஸை 16.4 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். ஸ்கோப்பில் 0.8189 விகிதத்தில் 16.6 மிமீ. கை அதைக் கண்டுபிடிக்காது. விகிதம் 1.0-இல் வெறும் 13.6 மிமீ போதும், அதனால்தான் அப்போது தாண்டிக்கொண்டிருந்தான்.

இப்போது எதிரியை 14 செமீ தள்ளி வையுங்கள். ஸ்கோப் இல்லாமல் 5.1 செமீ நகர்வு. 0.8189-இல் 5.7 செமீ. கை பழக்கத்தில் 5.1 நகர்த்தி நின்றுவிடும், குறி திரையில் ஏறத்தாழ ஒன்றரை செமீ முன்னாலேயே தங்கிவிடும். இதே இடத்தில் 1.0 விகிதம் 4.7 செமீ கேட்கும், அதாவது இன்னும் தாண்டத்தான் செய்யும்.

சரி, 1.0 எங்கேதான் பொருந்துகிறது? 4:3 திரையின் ஓரம் இருக்கும் இடத்தில். அங்கே ஸ்கோப் இல்லாமல் 45 பாகை, ஸ்கோப்பில் 20 பாகை. 45-ஐ 20-ஆல் வகுத்தால் அதே 2.25. அத்தை மகனின் திரையில் அது நடுவிலிருந்து ஏறத்தாழ 20 செமீ தள்ளி வருகிறது. ஆனால் அந்தத் திரையின் உயரமே 30 செமீதான். ஆவ்ப் ஸ்கோப்பின் வட்டம் கிட்டத்தட்ட திரையின் உயரத்துக்குத்தான் இருக்கும், ஆக நடுவிலிருந்து 15 செமீக்கு அப்பால் எல்லாமே கறுப்பு. முன்னிருப்பாக வரும் 1.0 விகிதம் கச்சிதமாகப் பொருந்தும் இடம், நீங்கள் எதையுமே பார்க்க முடியாத அந்தக் கறுப்புக்குள் இருக்கிறது. ஆவ்ப்பில் 1.0-ஐ வைத்துக்கொள்ள ஒரே நியாயமான காரணம், பல வருடம் அதில் பழகிவிட்டேன் என்பது மட்டும்தான். அது சின்னக் காரணம் இல்லை, மறுக்கவில்லை.

வட்டத்தின் விளிம்பில் பொருந்த வேண்டும் என்று கணக்கிட்டால் விகிதம் 0.93 வருகிறது. வட்டத்தில் பாதி தூரத்தில் பொருந்த வேண்டும் என்றால் 0.85. எனவே நீங்கள் தேட வேண்டிய இடம் 0.82-க்கும் 0.93-க்கும் இடையில் மட்டுமே. ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டு, எதிரி க்ராஸ்ஹேருக்குப் பக்கத்தில் வந்து விழுவதற்காகக் காத்திருக்கிற ஆட்டம் என்றால் 0.82. ஸ்கோப்பைப் போட்டபடியே பக்கத்தில் தோன்றும் ஆளிடம் சட்டென்று வெட்டி இழுக்கிற ஆட்டம் என்றால் 0.85 அல்லது 0.88. விளிம்பு வரை போய் 0.93 வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விளிம்பில் ஒன்றிரண்டு சுடுவீர்கள், நடுவில் செய்யும் சின்னத் திருத்தங்கள்தான் நூறு இருக்கும். அத்தை மகன் 0.85-இல் நின்றான்.

ஒரு முக்கியமான பிழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கோப் போடாமல் ஆளின் மேல் குறியைக் கொண்டுபோய், அங்கே போனபின் ஸ்கோப் போட்டுச் சுடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓரத்துப் பொருத்தம் தேவையே இல்லை. தூர நகர்வு முழுவதும் வெறும் சென்சிட்டிவிட்டியில் முடிந்துவிடுகிறது, ஸ்கோப்பில் மிச்சம் இருப்பது ஒரு விரல் அகலத் திருத்தம். அவர்கள் குறி போய்ச் சேரவில்லை என்று விகிதத்தை ஏற்றினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். அவர்களில் சிலர் நகர்த்திக்கொண்டிருக்கும்போதே ஸ்கோப் பொத்தானை அழுத்துவார்கள். அப்போது ஒரே இழுப்பில் பாதி ஒரு வேகத்திலும் மீதி இன்னொரு வேகத்திலும் போகும். அதற்கு விகிதத்தில் மருந்து இல்லை, கை நின்றபின் ஸ்கோப் போடப் பழக வேண்டும்.

## "முதல் ஜூம் சரி, இரண்டாவது ஜூமில் எல்லாம் கனமாக இருக்கிறது"

ஆவ்ப்பின் இரண்டாவது ஜூமில் பார்வைக்கோணம் 10 பாகை. அதே கணக்கைப் போட்டால் நடுவில் பொருந்தும் விகிதம் 0.787. ஸ்கவுட் துப்பாக்கிக்கு முதல் ஜூம் ஆவ்ப் மாதிரியேதான், இரண்டாவது 15 பாகை என்பதால் 0.79. ஆக் ரைஃபிளின் 45 பாகை ஜூமுக்கு 0.828. விளையாட்டு ஒரே ஒரு எண்ணைத்தான் தருகிறது, ஆகவே முதல் ஜூமுக்கு 0.8189 வைத்தால் இரண்டாவது ஜூம் 4 சதவீதம் வேகமாக இருக்கும். ஆக் 1 சதவீதம் மெதுவாக இருக்கும். இந்த அளவுக்காகக் கவலைப்பட வேண்டாம், துப்பாக்கிக்குத் துப்பாக்கி விகிதத்தை மாற்றுகிற ஸ்கிரிப்டும் வேண்டாம்.

ஆனால் புகார் "வேகமாக இருக்கிறது" என்று வரவில்லை, "கனமாக இருக்கிறது" என்றுதானே வந்தது? அதற்குக் காரணம் வேறு. இரண்டாவது ஜூமில் படம் முதல் ஜூமைவிட நான்கு மடங்குக்கும் சற்று மேலே பெரிதாகிறது. அதனால் ஓடுகிறவன் திரையில் நான்கு மடங்கு வேகமாகக் கடக்கிறான். ஸ்கோப்பைச் சரியாகப் பொருத்தியிருந்தால், திரையில் அதே சென்டிமீட்டருக்கு அதே கைநகர்வு. அப்படியென்றால் நான்கு மடங்கு வேகமாகக் கடப்பவனைத் தொடர நான்கு மடங்கு வேகமாகக் கையை ஓட்ட வேண்டும். ஓடுகிறவனை இரண்டாவது ஜூமில் துரத்த வேண்டி வந்தால் பிழை விகிதத்தில் இல்லை, இரண்டாவது ஜூமைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. நீண்ட சந்தில் அசையாமல் நிற்பவனின் தலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவ்ப் ஒரு தடவை சுட்டதும் ஸ்கோப் தானாக விலகி, மறுபடி தானாக வரும். அந்த இடைவெளியில் கை ஆளைத் தொடர்ந்துகொண்டே இருந்தால் ஸ்கோப் திரும்பும்போது அவன் காட்சியிலேயே இருக்க மாட்டான். இதுவும் அதே குடும்பத்துச் சிக்கல்தான். ஸ்கோப் இல்லாத நேரத்தில் அதே கைநகர்வு 2.75 மடங்கு கூடுதல் கோணத்தைத் திருப்பிவிடுகிறது. விகிதத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இது போகாது. சுட்ட கணத்தில் கையை ஓய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

## "4:3 ஸ்ட்ரெட்ச் திரையில் ஆடுகிறேன், எனக்கு வேறு எண்ணா?"

இல்லை. பக்கவாட்டில் இழுத்து நிரப்பும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகிறது. ஸ்கோப் இல்லாத படமும் அப்படித்தான், ஸ்கோப்புக்குள் இருக்கும் படமும் அப்படித்தான். இரண்டும் ஒரே அளவு இழுபடுவதால் அவற்றின் விகிதம் அப்படியே இருக்கிறது. பக்கவாட்டில் வேகமாகத் தெரிகிறது என்றால் அது ஸ்கோப் இல்லாதபோதும் தெரியும். அதைத் திருத்துவதானால் அடிப்படைச் சென்சிட்டிவிட்டியில் கைவையுங்கள்.

## "வேறு விளையாட்டில் வேலை செய்த எண்ணைப் போட்டேன், ஸ்கோப் நகரவே மாட்டேன் என்கிறது"

ஓவர்வாட்ச் 2-இல் விடோமேக்கருக்கு 37.89 என்ற எண் பிரபலம். அதைப் பார்த்து இங்கே 0.3789 என்று போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஸ்கோப்பில் ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று மீட்டருக்கு மேல் மவுஸை இழுக்க வேண்டியிருந்திருக்கும், பாவம்.

ஒவ்வொரு விளையாட்டும் இந்த எண்ணை எதன் மேல் பெருக்குகிறது என்பதில்தான் வேறுபாடு. ஓவர்வாட்ச் உங்கள் சாதாரண சென்சிட்டிவிட்டியின் மேல் நேரடியாகப் பெருக்கும்: 37.89 என்றால் அதன் 37.89 சதவீதம், வேறு கணக்கே கிடையாது. கவுண்டர்-ஸ்ட்ரைக் ஏற்கனவே 2.25-ஆல் வகுத்துவிட்டு, அதற்கு மேல் உங்கள் எண்ணைப் பெருக்குகிறது. இங்கே போடும் 0.8189-ஐ ஓவர்வாட்ச் மொழியில் சொன்னால் 36.4 சதவீதம். இரண்டு எண்களும் பார்க்கத்தான் எங்கேயோ இருக்கின்றன, செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றே.

வேலரண்ட் கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் வழியில் போகிறது. அங்கே ஆப்பரேட்டரின் முதல் ஜூம் 2.5 மடங்கு என்று எழுதியிருக்கும், விளையாட்டு உங்கள் சென்சிட்டிவிட்டியை அந்த 2.5-ஆல் வகுத்துக்கொள்ளும். ஆனால் 103 பாகைப் பார்வைக்கோணத்தை 2.5-ஆல் வகுத்தால் வரும் 41.2 பாகைக்குப் படம் உண்மையில் 3.3 மடங்கு பெரிதாகிறது. 2.5-ஐ 3.34-ஆல் வகுத்தால் 0.747. இங்கே சொன்ன முறையேதான், தொடக்கக் கோணம் மட்டும் வேறு. ஆகவே அங்கிருந்து 0.747-ஐக் கொண்டுவந்து இங்கே போட்டால் ஸ்கோப் 9 சதவீதம் மந்தமாக இருக்கும். இங்கிருந்து 0.8189-ஐ அங்கே கொண்டுபோனால் ஏறத்தாழ 10 சதவீதம் வேகமாக இருக்கும்.

கால் ஆஃப் டூட்டியின் சமீபத்திய விளையாட்டுகள் இந்தத் தலைவலியை எடுத்துவிட்டு, எந்த இடத்தில் பொருத்தலாம் என்று நேரடியாக உங்களிடமே கேட்கின்றன. ஸ்கோப் சென்சிட்டிவிட்டி வகையை `Relative` என்று வைத்தால் `Monitor Distance Coefficient` என்ற எண் திறக்கும். அது 1.33 என்று வந்திருக்கும், அதாவது 4:3 திரையின் ஓரம்; கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் 1.0 பொருந்தும் அதே இடம். 0 போட்டால் நடுவில் பொருந்தும், எல்லா ஸ்கோப்புக்கும் தனித்தனியாகத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அங்கே 0 போட்டு ஆடுகிறவர் இங்கே 0.8189 போட்டால் இரண்டிலும் கைக்கு ஒரே உணர்வு கிடைக்கும். ஸ்கோப் இல்லாத நிலையில் முழுச் சுற்றுத் தூரத்தை இரண்டு விளையாட்டிலும் முதலில் ஒன்றாக்கியிருக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை.